ஆளை எடுத்தால் கட்டை முளைக்கிறது

புகைப்படத்தில் வேண்டாத ஆளை நீக்கும் வசதி இப்போது கைபேசியிலேயே இருக்கிறது. விரலால் தேய்த்தால் ஆள் போய்விடுவார். ஆனால் சில நேரங்களில் அவர் நின்ற இடத்தில் ஒரு மரக்கட்டையோ, காலில்லாத நாற்காலியோ, முகமில்லாத இன்னொரு ஆளோ, எந்த மொழியிலும் சேராத எழுத்துகள் கொண்ட பலகையோ வந்து நிற்கும். சந்தைத் தெருவில் இப்படி நடந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. வெறும் மணலிலும் வெறும் சுவரிலும் நடக்கும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. காலியான இடத்தைக் காலியாக விட்டுவைக்க இந்தக் கருவிக்கு ஏன் மனம் வருவதில்லை?

ராமநாதபுரம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் ஒரு படத்தை அனுப்பியிருந்தார். தனுஷ்கோடியில் மாலை நான்கு மணிவாக்கில் எடுத்தது. நீண்ட ஈர மணல், ஓரத்தில் கடல், நடுவில் குடையோடு நடந்துபோகும் ஒருவர். சுற்றுலா விளம்பர அட்டைக்கு ஆளில்லாத படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி தன்னிடமிருந்த செயலியில் ஆளைத் தேய்த்து நீக்கியிருக்கிறார். கட்டை வந்தது. மறுபடி தேய்த்தார், நாய் வந்தது. எழுத்தில் கட்டளை கொடுக்கும் பெட்டியில் "ஆள் வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். "அண்ணே, வேண்டாம் என்று எழுதிய பிறகு முன்பு இருந்ததைவிட நல்ல ஆளாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது" என்றார் தொலைபேசியில். சிரிப்பு வந்தாலும், அவர் சொன்னதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த மென்பொருள் எப்படிப் பழக்கப்பட்டதோ அப்படித்தான் நடந்துகொண்டது.

பழைய கருவிகளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. 2010-ல் போட்டோஷாப் சிஎஸ்5-இல் வந்த நிரப்பும் வசதியை நினைத்துப் பாருங்கள். அதே படத்தின் வேறு இடங்களிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்து, ஓரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒட்டும். ஒரே கூழாங்கல் நாலு இடத்தில் தெரியும், அலை பாதியில் முறியும், தொடுவானம் படிக்கட்டாகிவிடும். என்ன செய்தாலும் படத்தில் இல்லாத நாயை அதனால் கொண்டுவர முடியாது. அதற்கு நாய் என்றால் என்னவென்றே தெரியாது.

இப்போதைய கருவிகளுக்கு நாய் தெரியும். கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை அவை. பழக்கிய முறையில்தான் விஷயம் இருக்கிறது. வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்டிருப்பதால் எழுத்தைப் படித்துப் படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் குடும்பத்தின் நிரப்பும் மாடலையே எடுத்துக்கொள்வோம். பயிற்சியின்போது ஒரு படத்தை எடுத்து, அதில் ஒரு பகுதியைக் கண்டபடி மூடிவிடுவார்கள். மூடிய இடத்தில் என்ன இருந்தது என்பதை மாடல் சொல்ல வேண்டும். நிஜப் படத்தோடு ஒத்துப்போனால் சரி, போகாவிட்டால் திருத்தம். இதுவே பல லட்சம் தடவை நடக்கிறது. இந்தப் பயிற்சியில் எங்கேயும் "நீக்கு" என்ற வேலை கிடையாது. மூடிய இடத்தில் ஆள் இருந்திருந்தால் ஆளை வரைவதே சரியான விடை. பள்ளிக்கூடத்தில் "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்று கேள்வி வந்தால் எந்தப் பிள்ளையும் கோட்டை அப்படியே விட்டுவிட்டு வருவதில்லை அல்லவா? வெறுமையும் ஒரு விடையாக இருக்கலாம் என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. பயிற்சியில் ஒவ்வொரு படத்தோடும் அதன் விளக்கவரி சேர்ந்தே போகும். "கடற்கரையில் நடக்கும் மனிதர்" என்று வரி இருக்கும், படத்தில் மனிதர் இருக்கும் இடம் மூடப்பட்டிருக்கும். ஆக, எழுத்தில் வருகிற பெயர் மூடிய இடத்துக்குள் இருப்பதன் பெயர் என்று மாடல் கற்றுக்கொள்கிறது. இந்த மாடலின் குறிப்பேட்டில் ஒரு தகவல் இருக்கிறது: பயிற்சியில் 25 சதவீதத் தடவைகளில் படத்தின் பகுதியை அல்ல, படம் முழுவதையுமே மூடிவிட்டிருக்கிறார்கள். அந்தத் தடவைகளில் மாடலுக்குக் கிடைத்த ஒரே துப்பு விளக்கவரிதான். அந்த வரியிலிருந்து முழுப் படத்தையும் கற்பனை செய்து வரைந்தாக வேண்டும். இப்படிப் பழகிய ஒன்றிடம் போய் "ஆளை நீக்கு" என்றோ "ஆள் வேண்டாம்" என்றோ எழுதினால், அதன் காதில் விழுவது "ஆள்" என்பது மட்டும்தான். எழுத்தைப் புரிந்துகொள்ளும் பகுதி பெயர்களைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். "இல்லை", "வேண்டாம்" போன்றவற்றைப் பிடிப்பதில் மந்தம். படங்களோடு வருகிற விளக்கவரிகள் படத்தில் இருப்பதைச் சொல்கின்றன. இல்லாததைப் பட்டியலிட்டு யாரும் விளக்கவரி எழுதுவதில்லை. தம்பிக்கு நல்ல ஆளாக வந்து சேர்ந்ததன் ரகசியம் இதுதான்.

சரி, எழுத்தே கொடுக்காமல் தேய்த்தபோது ஏன் கட்டை வந்தது? அதற்குப் படத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

படத்தின் அளவு 6000-க்கு 4000 புள்ளிகள். குடைக்காரர் சுமார் 900 புள்ளி உயரம், 300 புள்ளி அகலம். மாலை வெயில் என்பதால் அவருடைய நிழல் இடதுபுறமாக 1500 புள்ளிகள் வரை நீண்டு கிடக்கிறது. மணல் ஈரமாக இருப்பதால் காலுக்குக் கீழே 400 புள்ளி ஆழத்துக்கு மங்கலான பிரதிபலிப்பு. தம்பி தேய்த்தது ஆளை மட்டும்தான். அதையும் மிகக் கவனமாக, குடைக்கம்பி வரை ஓரம் பிடித்துத் தேய்த்திருந்தார். கை சுத்தமானவர் என்பதை அதிலேயே பார்க்கலாம். அந்தச் சுத்தம்தான் இங்கே வினையாகிவிட்டது.

இனி கருவியின் கண்ணால் பார்ப்போம். 6000 புள்ளிப் படத்தை முழுதாக விழுங்க அதனால் முடியாது. மறைத்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஓரம் விட்டு ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, 512 புள்ளிக்குச் சுருக்கி, அதில்தான் வேலை செய்யும். பலரும் பயன்படுத்தும் ஓர் இலவச இடைமுகத்தில் இந்த ஓரம், நாமாக மாற்றாவிட்டால், வெறும் 32 புள்ளி. 900 புள்ளி ஆளுக்கு மேலும் கீழும் 32 சேர்த்தால் 964. ஆக மாடல் பார்க்கும் படம் 964-க்கு 964 சதுரம். அதில் மேலிருந்து கீழ்வரை, நட்டநடுவில், குடை பிடித்த மனித உருவத்தில் ஓர் ஓட்டை. பரந்த மணலோ நீண்ட தொடுவானமோ அதன் பார்வைக்கே வரவில்லை. நமக்கு அது நடுவில் ஒரு சின்ன ஆள் இருக்கும் பெரிய கடற்கரைப் படம். மாடலுக்கோ சட்டம் நிறைய யாரோ நிற்கிற, அவர் மட்டும் மறைக்கப்பட்டதுபோன்ற படம். இணையத்தில் மலைமலையாகக் கிடப்பதும் அத்தகைய படங்கள்தான். வெறும் மணலைப் படமெடுத்து ஏற்றுகிறவர்கள் எத்தனை பேர்? நடுவில் ஏதாவது நிற்கும் என்று எதிர்பார்ப்பதில் அதன் மேல் குற்றமில்லை.

அத்தோடு நிழல். வெட்டிய சதுரத்தில் 1500 புள்ளி நிழலில் முந்நூறு சொச்சம்தான் தெரியும். இடது ஓரத்திலிருந்து ஒரு கருப்புப் பட்டை கிளம்பி ஓட்டையின் அடியில் வந்து முடிகிறது. நிழலின் தலைமாட்டில் குடையின் வட்டம் இருப்பதை மாடல் பார்க்கவே இல்லை. அது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. தரையில் பட்டையாக ஒரு நிழல் விழுந்தால் அதன் அடியில் செங்குத்தாக ஏதோ நின்றாக வேண்டும். கட்டை நின்றால் நிழலுக்குக் கணக்குச் சரியாகிறது. கீழே பிரதிபலிப்பும் இருக்கிறது, அதற்கும் கட்டை பொருந்துகிறது. இப்படி யோசித்தால் அந்தக் கட்டை பிழையான விடையே அல்ல என்பது தெரியும். படத்தில் நாம் விட்டுவைத்த சாட்சிகளை வைத்து மாடல் நியாயமான தீர்ப்பைத்தான் வழங்கியிருக்கிறது.

மூன்றாவது சாட்சி கண்ணுக்கே தெரியாது. இந்த மாடல் புள்ளிகளை நேரடியாகக் கையாள்வதில்லை. 512-க்கு 512 படத்தை 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்கி, அந்தக் கட்டங்களில்தான் வேலை செய்கிறது. ஒரு கட்டத்துக்கு எட்டுப் புள்ளி. நம் 964 புள்ளிச் சதுரம் ஏற்கெனவே பாதியாகச் சுருங்கியிருப்பதால், அசல் படத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 15 புள்ளி அகலம். ஓரம் பிடித்துத் தேய்த்தால் சட்டையின் விளிம்பும் லென்ஸின் மங்கலும் சேர்ந்து பத்துப் புள்ளி அகலத்துக்கு வெளியே மிச்சமிருக்கும். அது ஒரு கட்டத்துக்குள் கலந்துவிடும். திரையில் நமக்கு ஒன்றும் தெரியாது. மாடலுக்கோ ஓட்டையைச் சுற்றி நீலச் சட்டையின் சாயல் ஒரு கோடாக ஓடும். அதனால்தான் நீக்கிய ஆளுக்குப் பதில் வரும் புதிய ஆளும் பல நேரம் அதே நிறச் சட்டையோடு வருகிறார். வேலை தெரிந்தவர்கள் மறைக்கும் பகுதியைப் பெருக்கி, ஒழுங்கில்லாத தடித்த திட்டாக வரைவது இந்தக் கசிவுக்குப் பயந்துதான். அப்படிச் செய்தால் ஓட்டைக்கு மனித உருவமும் இருக்காது.

இனி விலக்குச் சொற்களுக்கு வருவோம். "இவையெல்லாம் வரக்கூடாது" என்று தனியாக எழுதும் இரண்டாவது பெட்டி சில கருவிகளில் உண்டு. முதல் பெட்டியில் "வேண்டாம்" என்று எழுதுவதும் இந்தப் பெட்டியில் பெயரை மட்டும் எழுதுவதும் ஒன்றல்ல. உள்ளே நடக்கும் கணக்கு ஒரே வரிதான்:

```
e = e_neg + w * (e_pos - e_neg)
```

மாடல் தாறுமாறான புள்ளிகளாலான வெறும் இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக இரைச்சலைக் கழித்துப் படத்தை வெளியே கொண்டுவருகிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு தடவை யூகிக்கிறது. வேண்டியதைச் சொன்ன எழுத்தை வைத்து ஒரு யூகம், அதுதான் `e_pos`. விலக்கச் சொன்ன எழுத்தை வைத்து இன்னொரு யூகம், அது `e_neg`. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து `w` மடங்கு பெருக்கி, விலக்கச் சொன்னதிலிருந்து வேண்டியதன் பக்கமாகத் தள்ளுகிறது. இந்த `w` திரையில் `guidance_scale` என்ற பெயரில் இருக்கும், வழக்கமாக 7.5.

இந்த ஒரு வரியிலிருந்து பல விஷயங்கள் விளங்கும். விலக்குப் பெட்டி காலியாக இருந்தால் `e_neg` என்பது எழுத்தே இல்லாத யூகம். இரண்டு பெட்டியும் காலியாக இருந்தால் வித்தியாசம் பூஜ்யம்; `w` எவ்வளவு வைத்தாலும் ஒன்றும் நடக்காது. மாடல் தன் பழக்கத்துக்கே விடப்படுகிறது. தம்பியின் கட்டை இந்த நிலையில் வந்ததுதான். முதல் பெட்டியைக் காலியாக விட்டு விலக்குப் பெட்டியில் மட்டும் `person` என்று எழுதினாலும் வேலை நடக்கும்: எழுத்தில்லாத யூகத்துக்கும் ஆள் யூகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில், ஆளுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும்.

எதிர்ப்பக்கம் என்றால் எங்கே? நான் பார்த்தவரை ஆட்கள் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். விலக்குச் சொல் ஒரு திசையிலிருந்து தள்ளிவிடும். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லாது. நிழலும் பிரதிபலிப்பும் அப்படியே இருக்கும்போது `person` என்று விலக்கினால், மாடல் ஆளுக்கு அடுத்தபடியாக நிழலுக்குப் பொருந்துகிற பொருளைத் தேடும். கம்பம் வரும். `post` என்று சேர்த்தால் பாறை வரும். `rock` என்று சேர்த்தால் நாய். தம்பியிடம் இரண்டாவது பெட்டி உள்ள கருவியைக் கொடுத்தபோது அவர் இந்த ஊர்வலத்தைத்தான் பார்த்தார். பெட்டியில் சொற்கள் இருபதைத் தாண்டிவிட்டன, ஏதாவது ஒன்று நின்றுகொண்டே இருந்தது. பட்டியல் நீள நீள ஒவ்வொரு சொல்லின் தள்ளும் வலுவும் கரைந்துபோகும். இந்த மாடலின் எழுத்துப் பகுதி ஒரு தடவைக்கு 77 சொல்துண்டுகளுக்கு மேல் படிப்பதும் இல்லை. இணையத்தில் ஆளாளுக்குப் பகிரும் நீளமான விலக்குப் பட்டியல்களை அப்படியே ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆறு விரல், கோணல் முகம் என்று உருவப்படத்துக்காக எழுதப்பட்ட சொற்கள் வெறும் மணலில் என்ன செய்யப் போகின்றன?

விலக்குச் சொல் காலம் தாழ்த்தித்தான் வேலை செய்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இரைச்சலிலிருந்து படம் வெளிவரும் முதல் சில படிகளிலேயே எங்கே வெளிச்சம், எங்கே கருமை, எங்கே பெரிய உருவம் என்ற அமைப்பு முடிவாகிவிடுகிறது. அங்கே ஓர் உருவம் எழத் தொடங்கிய பிறகுதான் விலக்குச் சொல்லுக்கு எதைக் கழிப்பது என்ற பிடி கிடைக்கிறது. 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தத் தாமதத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. தொடக்கப் படியிலிருந்தே விலக்கினால் சில நேரம் விலக்கச் சொன்ன பொருளே தோன்றுவதையும் அதில் காட்டியிருக்கிறார்கள். சில படிகள் கழித்து விலக்கத் தொடங்கினால் மற்ற இடங்கள் அதிகம் கலையாமல் பொருள் மட்டும் போகிறது என்பது அவர்களுடைய முடிவு.

ஆகவே நான் விலக்குப் பெட்டிக்கு மூன்றாவது இடம்தான் கொடுப்பேன். முதலில் சாட்சிகளை அழிக்க வேண்டும், அடுத்து வேண்டியதைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகே வேண்டாததைச் சொல்ல வேண்டும். எது கோளாறு என்று தெரியாமல் மருந்து கொடுக்காமலிருக்க ஒரு சின்னச் சோதனையும் இருக்கிறது. தொடக்க இரைச்சல் எப்படி இருக்கும் என்பதை முடிவுசெய்யும் `seed` எண்ணை மட்டும் மாற்றி நாலைந்து தடவை நிரப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே உயரத்தில் ஏதாவது முளைத்தால், அது கட்டையோ நாயோ ஆளோ, படத்துக்குள் சாட்சி மிச்சமிருக்கிறது: நிழல், பிரதிபலிப்பு, விளிம்பு, ஓட்டையின் உருவம் இவற்றில் ஒன்று. அங்கே விலக்குச் சொல்லை அடுக்கிப் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் வேறு பொருள் வந்தால், சாட்சி ஏதுமில்லை, மாடல் தன் பழக்கத்தில் வரைகிறது என்று பொருள். விலக்குச் சொல் நன்றாக எடுபடுவது இந்த இரண்டாவது நிலையில்தான்.

தம்பியின் படம் முதல் வகை. நாங்கள் செய்தது இது. ஆள், நிழல், பிரதிபலிப்பு மூன்றையும் சேர்த்து ஒரே திட்டாக மறைத்தோம். தனித்தனியாகச் செய்தால் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக் காப்பாற்றிவிடும்: ஆள் நிற்கும்போது நிழலை மட்டும் நீக்கினால், வெயிலில் நிற்பவருக்கு நிழல் வேண்டுமே என்று மாடல் அதைத் திரும்ப வரையும். திட்டைச் சுற்றிலும் 100 புள்ளி பெருக்கினோம். வெட்டும் சதுரத்தின் ஓரத்தை 32-லிருந்து 500 ஆக்கினோம். இப்போது மாடல் பார்க்கும் சதுரம் ஏறக்குறைய 3000-க்கு 3000. அதில் கடல் தெரிகிறது, தொடுவானம் தெரிகிறது, மணல் எல்லாத் திசையிலும் தெரிகிறது. மறைத்த பகுதி மொத்தத்தில் சுமார் 15 சதவீதம்தான். நடுவில் யாரோ நிற்கிற படமாக அது இனித் தோன்றாது.

பிறகு எழுத்து. முதல் பெட்டியில் தம்பி `empty beach` என்று எழுதப்போனார். தடுத்துவிட்டேன். கடற்கரை என்ற சொல்லோடு இணையத்தில் வருகிற படங்கள் என்னென்ன? குடை, சாய்வு நாற்காலி, தென்னை மரம், குளிக்கிற கூட்டம். அந்தச் சொல் வரும்போது அவையும் கூடவே வரும். `empty` என்பதற்கு அவற்றைத் தடுக்கும் வலு போதாது. இடத்தின் பெயரைவிடத் தரையின் பெயர் நல்லது. ஈர மணல், சிறு அலைவரி, ஆழமில்லாத நீர் என்று மறைத்த இடத்தில் உண்மையாக என்ன இருக்க வேண்டுமோ அதை மட்டும் எழுதினோம்.

```python
out = pipe(
    prompt="wet sand, small ripples, shallow sea water",
    negative_prompt="person, animal, post, rock, shadow",
    image=crop, mask_image=mask,
    guidance_scale=7.5, strength=1.0,
).images[0]
```

விலக்குப் பெட்டியில் ஐந்தே சொற்கள். அவையும் ஊகத்தில் எழுதியவை அல்ல. முந்தைய தடவைகளில் நிஜமாகவே வந்து நின்றவை, அவற்றோடு நிழல். `strength` 1.0 என்றால் மறைத்த இடத்தில் பழையது எதுவும் மிஞ்சாமல் முழு இரைச்சலிலிருந்து தொடங்குவது. இதை 0.75 போல வைத்தால் பழைய ஆளின் மேல் இரைச்சலைத் தூவிவிட்டுத் தொடங்கும். அவருடைய மங்கலான உருவம் அடியில் இருந்துகொண்டே இருக்கும். சில செயலிகள் இந்த அளவைக் காட்டுவதே இல்லை, உள்ளுக்குள் எதையோ வைத்துக்கொள்கின்றன. எத்தனை முறை தேய்த்தாலும் அதே தோரணையில் யாராவது நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஆள் போனார். மணல் வந்தது. ஆனால் மணல் வழவழவென்று இருந்தது. 3000 புள்ளியை 512-க்குச் சுருக்கியபோது ஒரு கட்டம் 47 புள்ளிக்கு நிற்கிறது; மணல் துகளும் அலைவரியும் அதில் எங்கே தங்கும்? இரண்டாவது சுற்று இதற்காக. நிரப்பிய பகுதியைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே எடுத்து, `strength`-ஐ 0.35 ஆக இறக்கி மறுபடி ஓட்டினோம். முதல் சுற்றில் வினையாக இருந்திருக்கக்கூடிய குறைந்த அளவு இங்கே உதவிக்கு வருகிறது. இப்போது அடியில் கிடப்பது ஆள் அல்ல, வெறும் மணல். அதை ஒட்டியே வரைய வேண்டியிருப்பதால் புதிதாக ஒன்றை நட மாடலுக்கு இடமில்லை. விவரம் மட்டும் கூடுகிறது. கடைசியில் திட்டுக்கு வெளியே உள்ள பகுதிகளில் அசல் படத்தையே மேலே ஒட்டி, ஓரத்தை மென்மையாக்கி, நிரப்பிய இடத்தில் கேமரா இரைச்சலுக்கு ஈடாகக் கொஞ்சம் பொடித்துகள் சேர்த்தோம். மாடல் தொடாத இடமும் கட்டங்களுக்குள் போய்த் திரும்பும்போது சற்றே மாறிவிடும் என்பதால் அசலை மறுபடி ஒட்டுவது அவசியம்.

`guidance_scale`-ஐ 7.5-க்கு மேல் ஏற்றினால் விலக்கு இன்னும் பலமாகுமே என்று தம்பி கேட்டார். கணக்குப்படி பலமாகும். ஆனால் அதே பெருக்கல் நிறத்தையும் மாறுபாட்டையும் சேர்த்துத் தள்ளும். 15-க்கு ஏற்றிக் காட்டினேன்: மணல் வெந்த செங்கல் நிறத்துக்கு வந்து, அலைவரிகள் உழுத வயல்போல் ஆழமாகிவிட்டன. காலியிடத்தில் இந்தத் தீய்தல் பளிச்சென்று தெரியும். நான் நிரப்பும் வேலைக்கு 5-லிருந்து 8-க்குள் நின்றுகொள்வேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வெறும் வெள்ளைச் சுவரில் ஆணியையும் அதன் நிழலையும் நீக்க இந்த மாடலைக் கூப்பிட மாட்டேன். ஒரே நிறத் தளத்துக்கு எழுத்து அறியாத கருவிகளே மேல். 2021-ல் வெளியான லாமா என்ற நிரப்பும் மாடல் அப்படிப்பட்டது. விளக்கவரி எதையும் படிக்காது, சுற்றியுள்ள வடிவத்தை நீட்டித்து நிரப்பும். ஓட்டை மிகப் பெரிதாக இருந்தால் மங்கலாகும், ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்பப் போடும். சுவர், வானம், தரை ஓடு, கம்பி வலை ஆகியவற்றுக்கு அது போதும். அதைவிடச் சின்ன வேலைக்கு நகலெடுக்கும் பழைய தூரிகையே போதும்.

விலக்குப் பெட்டி இருக்கிறதே என்று எல்லாக் கருவியையும் நம்பவும் வேண்டாம். மேலே உள்ள வரியில் `w` ஒன்று என்று வைத்துப் பாருங்கள். `e_neg` கூட்டலிலும் கழித்தலிலும் அடிபட்டு, `e_pos` மட்டும் மிஞ்சும். வேகத்துக்காகச் சுருக்கிப் பழக்கப்பட்ட பல மாடல்கள் நாலைந்து படிகளிலேயே படத்தை முடிக்க இப்படித்தான் ஓடுகின்றன. அவற்றில் விலக்குப் பெட்டி வெறும் அலங்காரம். கருவி எந்த வகை என்று விளம்பரத்தில் தேட வேண்டியதில்லை. `seed` எண்ணைப் பூட்டி வைத்துவிட்டு ஒரு தடவை விலக்குப் பெட்டியைக் காலியாக விட்டும், ஒரு தடவை அதில் `sand` என்று எழுதியும் மணலை நிரப்பச் சொல்லுங்கள். கணக்கு உள்ளே ஓடுகிறது என்றால் இரண்டாவது படத்தில் மணல் ஏதோ ஒரு விதத்தில் கெட்டே தீரும். இரண்டும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தால் அந்தப் பெட்டிக்கும் மாடலுக்கும் தொடர்பே கிடையாது. தம்பி தன் செயலியில் எழுத்துப் பெட்டிக்குக் கீழே புதிதாக வந்திருந்த இன்னொரு பெட்டியை இப்படிச் சோதித்துப் பார்த்தார். இரண்டு படமும் ஒன்றேதான்.